கிளை அனுப்பிய பணத்தில் இலாபம் எவ்வளவு?

ஈரோட்டில் தலைமைக் கடை வைத்திருக்கும் ஒரு ஜவுளி வியாபாரி திண்டுக்கல்லில் ஒரு கிளை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் அந்தக் கிளையிலிருந்து அவருடைய வங்கிக் கணக்குக்கு 8,00,000 ரூபாய் வந்திருக்கிறது. கிளையில் இலாபம் எவ்வளவு என்று கேட்டால், அந்த ஒரு தொகையை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. போன ஆண்டு கடனுக்கு விற்றதன் வசூலும் அதில் கலந்திருக்கும். இந்த ஆண்டு விற்று இன்னும் வசூலாகாத பாக்கி அதில் இருக்காது. வசூல் பணத்திலேயே மேலாளர் லாரி வாடகை கொடுத்திருந்தால் அந்தப் பணம் ஈரோட்டுக்கு வந்தே இருக்காது.

இப்படிப்பட்ட சிறு கிளைகளுக்காக இருக்கும் கணக்கு வழிதான் கடனாளி முறை. பி.காம். வகுப்புகளில் 'டெப்டர்ஸ் சிஸ்டம்' என்றே சொல்வார்கள். கிளையில் முழுமையான இரட்டைப் பதிவுக் கணக்கு கிடையாது. அங்கே ஒரு விற்பனைப் புத்தகம், யார் யார் எவ்வளவு பாக்கி என்ற நோட்டு, சரக்கு வந்து போன பதிவு, சில்லறைச் செலவு நோட்டு ஆகியவை இருக்கும். அவற்றின் சுருக்கத்தைக் கிளை அவ்வப்போது ஈரோட்டுக்கு அனுப்பும். தலைமைக் கடையின் பேரேட்டில் 'திண்டுக்கல் கிளைக் கணக்கு' என்று ஒரே ஒரு பக்கம். கடனுக்குச் சரக்கு வாங்கிய ஒரு வாடிக்கையாளரைப் போலவே கிளையையும் அந்தப் பக்கத்தில் நடத்துவார்கள். ஈரோட்டிலிருந்து கிளைக்குப் போவதெல்லாம் பற்று. கிளையிலிருந்து ஈரோட்டுக்கு வருவதெல்லாம் வரவு.

ஆண்டின் இரு முனைகளிலும் இன்னொரு வேலை இருக்கிறது. ஏப்ரல் 1ஆம் தேதி கிளையில் இருந்த சரக்கு, வாடிக்கையாளர் பாக்கி, சில்லறை ரொக்கம் எல்லாமே தலைமைக் கடையின் சொத்து. கிளை அவற்றை வைத்துக்கொண்டுதான் ஆண்டைத் தொடங்குகிறது. ஆகவே அவை பற்றுப் பக்கத்தில் முதலில் ஏறும். மார்ச் 31ஆம் தேதி கிளையில் மிச்சம் இருப்பவை, ஈரோட்டுக்கு இன்னும் வந்து சேராத சொத்துகள். அவை வரவுப் பக்கத்தில் ஏறும். கிளை யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால், உதாரணமாக மார்ச் மாத வாடகை நிலுவையாக நின்றால், அது இதற்கு நேர்மாறு: ஆண்டு தொடக்கத்து நிலுவை வரவில், ஆண்டு முடிவு நிலுவை பற்றில். இவ்வளவும் எழுதிய பிறகு வரவு அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசம் இலாபம். பற்று அதிகமாக இருந்தால் நட்டம். அந்தத் தொகை தலைமைக் கடையின் பொது இலாப நட்டக் கணக்குக்குப் போய்விடும்.

இனி எண்களோடு பார்ப்போம். இவை விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆண்டு 2024-25. தொடக்கத்தில் கிளையில் 1,20,000 ரூபாய்க்குச் சரக்கு, வாடிக்கையாளரிடம் 60,000 பாக்கி, கையில் 2,000 சில்லறை ரொக்கம். ஆண்டு முழுவதும் ஈரோட்டிலிருந்து அடக்க விலையில் 6,00,000 ரூபாய்ச் சரக்கு போனது. அதில் விற்காது என்று கிளை திருப்பி அனுப்பியது 10,000. கடை வாடகை மாதம் 5,000, சம்பளம் மாதம் 12,000. இரண்டையும் ஈரோட்டிலிருந்தே அனுப்பினார்கள். சில்லறைச் செலவுக்கென்று தனியாக 18,000 அனுப்பினார்கள்.

கிளையில் நடந்த வியாபாரம் இது. ரொக்க விற்பனை 4,50,000. கடன் விற்பனை 4,00,000. கடனுக்கு வாங்கியவர்களிடம் வசூலானது 3,75,000. அவர்கள் திருப்பிக் கொடுத்த துணி 5,000, வசூலின்போது விட்டுக்கொடுத்த தள்ளுபடி 4,000, இனி வராது என்று கழித்த வாராக்கடன் 6,000. இவையெல்லாம் போக வாடிக்கையாளர் பாக்கி ஆண்டு முடிவில் 70,000. ரொக்க விற்பனையும் வசூலும் சேர்ந்து கிளையின் கைக்கு வந்த பணம் 8,25,000. அதிலிருந்து லாரி வாடகை, இறக்குக்கூலி என்று 25,000 ரூபாயை மேலாளர் அங்கேயே கொடுத்துவிட்டு, மீதி 8,00,000 ரூபாயை ஈரோட்டுக்கு அனுப்பினார். மார்ச் 31 அன்று எண்ணிப் பார்த்தபோது சரக்கிருப்பு 1,40,000, சில்லறை ரொக்கம் 3,000.

இவற்றை வைத்து ஈரோட்டுப் பேரேட்டில் எழுதும் கிளைக் கணக்கு இப்படி இருக்கும்:

| பற்று | ரூ. | வரவு | ரூ. |
|---|---|---|---|
| தொடக்கச் சரக்கிருப்பு | 1,20,000 | கிளை அனுப்பிய பணம் | 8,00,000 |
| தொடக்க வாடிக்கையாளர் பாக்கி | 60,000 | கிளை திருப்பிய சரக்கு | 10,000 |
| தொடக்கச் சில்லறை ரொக்கம் | 2,000 | இறுதிச் சரக்கிருப்பு | 1,40,000 |
| கிளைக்கு அனுப்பிய சரக்கு | 6,00,000 | இறுதி வாடிக்கையாளர் பாக்கி | 70,000 |
| வாடகைக்கு அனுப்பியது | 60,000 | இறுதிச் சில்லறை ரொக்கம் | 3,000 |
| சம்பளத்துக்கு அனுப்பியது | 1,44,000 | | |
| சில்லறைச் செலவுக்கு அனுப்பியது | 18,000 | | |
| கிளை இலாபம் | 19,000 | | |
| மொத்தம் | 10,23,000 | மொத்தம் | 10,23,000 |

இலாபம் 19,000. இந்தக் கணக்கை முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். கடன் விற்பனை 4,00,000 எங்கே? வாராக்கடன், தள்ளுபடி எங்கே? 25,000 ரூபாய் லாரிச் செலவைக் காணோமே? மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை. இந்தக் கணக்கு ஈரோட்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே நடந்ததை மட்டுமே பதிகிறது. திண்டுக்கல் கடைக்குள் நடந்தது எதுவும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. ஆனாலும் அதன் விளைவு மீதித் தொகைகளில் வந்துவிடுகிறது. கடனுக்கு விற்றால் சரக்கிருப்பு குறையும், வாடிக்கையாளர் பாக்கி கூடும். வாராக்கடனைக் கழித்தால் பாக்கி குறையும். பாக்கி 76,000 ஆக இருக்க வேண்டியது 70,000 ஆக வரவில் ஏறியிருக்கிறது என்றால், அந்த 6,000 ரூபாய் நட்டம் அங்கேயே பிடிபட்டுவிட்டது. அதை மறுபடி பற்றில் எழுதினால் ஒரே நட்டத்தை இரண்டு முறை கழித்ததாகும். கிளையில் மேசை நாற்காலி இருந்து அதற்குத் தேய்மானம் கழித்தாலும் இதே கதைதான். தொடக்க மதிப்பு பற்றில், தேய்மானம் போன மதிப்பு வரவில். தேய்மானத்துக்குத் தனி வரி கிடையாது.

கிளை செய்யும் செலவுகளில்தான் பெரும்பாலான பிழைகள் நடக்கின்றன. நம் கணக்கில் மூன்று வகைச் செலவுகள் இருப்பதைக் கவனியுங்கள். வாடகையும் சம்பளமும் தலைமைக் கடை கொடுத்தவை. அவை அப்படியே பற்றில் ஏறின. சில்லறைச் செலவு, கிளை தன் கையில் இருந்த சில்லறை ரொக்கத்திலிருந்து செய்தது. லாரிச் செலவோ வசூல் பணத்திலிருந்து கிளை செய்தது. மூன்றும் செலவுதான். ஆனால் கிளைக் கணக்கில் மூன்றையும் ஒரே மாதிரி எழுத முடியாது.

லாரிச் செலவை முதலில் எடுப்போம். கிளை 8,25,000 ரூபாய் வசூலித்தும் 8,00,000 மட்டுமே அனுப்பியிருக்கிறது. வரவில் 8,00,000 என்று எழுதிய அந்த நொடியிலேயே 25,000 ரூபாய்ச் செலவு கணக்கில் கழிந்துவிட்டது. தனியாகக் காட்டியே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. வரவில் 8,25,000 என்று முழுத் தொகையையும், பற்றில் 25,000 என்று செலவையும் எழுதலாம். அப்போதும் இலாபம் 19,000தான் வரும். செலவின் அளவு கண்ணுக்குத் தெரியும் என்பதால் இந்த இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தது.

பிழை, இந்த இரண்டு வழிகளையும் பாதிப் பாதியாகக் கலக்கும்போது வருகிறது. வங்கிப் பதிவைப் பார்த்து வரவில் 8,00,000 என்று எழுதுகிறார் கணக்கர். பிறகு கிளையிலிருந்து வந்த லாரி ரசீதுகளைப் பார்க்கிறார். செலவு விட்டுப்போகக் கூடாதே என்று பற்றில் 25,000 எழுதுகிறார். 19,000 இலாபம் 6,000 நட்டமாக மாறிவிடுகிறது. நன்றாக நடக்கும் ஒரு கிளை நட்டத்தில் ஓடுவதாகப் பேரேடு சொல்லும். நேர்மாறான பிழையும் உண்டு. கிளையின் விற்பனைச் சுருக்கத்தைப் பார்த்து வரவில் 8,25,000 எழுதிவிட்டு, லாரிச் செலவைப் பற்றில் எழுதாமல் விட்டால் இலாபம் 44,000 என்று வரும். ஒரே கிளை, ஒரே ஆண்டு, ஒரே ரசீதுகள். எழுதிய விதத்தால் மட்டும் 44,000 இலாபம் முதல் 6,000 நட்டம் வரை விடை மாறுகிறது. தேர்வு எழுதும் மாணவர்களும் கணக்கு எழுதும் கடைக்காரர்களும் வரவில் ஒரு தொகையை எழுதும் முன், கிளை 'வசூலித்ததா', 'அனுப்பியதா' என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் இந்தப் பிழை வராது.

சில்லறை ரொக்கத்தில் வரும் பிழை கொஞ்சம் வேறு மாதிரி. தொடக்கத்தில் 2,000, அனுப்பியது 18,000. கிளையிடம் மொத்தம் 20,000 இருந்தது. முடிவில் 3,000 மிச்சம். ஆகவே செலவானது 17,000. இந்த 17,000 கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை, எழுதவும் கூடாது. பற்றில் 20,000, வரவில் 3,000 என்று ஏறியதிலேயே அது அடங்கிவிட்டது. டீச் செலவு, தபால், விளக்குமாறு என்று கிளை அனுப்பிய சீட்டைப் பார்த்து அதையும் பற்றில் ஏற்றினால் இலாபம் வெறும் 2,000 ஆகச் சுருங்கிவிடும். பல நிறுவனங்களில் மாதத் தொடக்கத்தில் ஒரு நிலையான தொகையைக் கொடுத்து, செலவான அளவை மட்டும் மாத முடிவில் ஈடுகட்டுவார்கள். அந்த முறையில் தொடக்க ரொக்கமும் இறுதி ரொக்கமும் ஒன்றாகவே இருக்கும். அனுப்பிய தொகையே செலவான தொகை. சரிபார்க்க எளிது.

19,000 என்பது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கிளையின் சுருக்கத்தை வைத்து வழக்கமான வியாபாரக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ரொக்கமும் கடனுமாக விற்பனை 8,50,000. திரும்பி வந்த 5,000 போக 8,45,000. விற்ற சரக்கின் அடக்கம்: தொடக்க இருப்பு, வந்த சரக்கு இரண்டையும் கூட்டி, திருப்பியதையும் இறுதி இருப்பையும் கழித்தால் 5,70,000. மொத்த இலாபம் 2,75,000. வாடகை, சம்பளம், சில்லறைச் செலவு, லாரிச் செலவு, தள்ளுபடி, வாராக்கடன் எல்லாம் சேர்த்து 2,56,000. மிச்சம் 19,000. இரண்டு வழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறையாவது இப்படி இரண்டு வழிகளிலும் போட்டுப் பார்ப்பது நல்லது. வித்தியாசம் வந்தால், அந்த வித்தியாசத் தொகையே பெரும்பாலும் பிழை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சரியாக 25,000 குறைகிறது என்றால் லாரி ரசீதுகளைத் தேட வேண்டும். 17,000 குறைகிறது என்றால் சில்லறைச் சீட்டு.

சில சமயம் வித்தியாசம் வழியில் இருக்கும் பணமாகவும் இருக்கலாம். மார்ச் 30ஆம் தேதி கிளை காசோலையாக 20,000 அனுப்புகிறது. ஈரோட்டில் அது கைக்கு வருவது ஏப்ரல் 2. கிளையின் நோட்டில் 8,00,000 அனுப்பியாயிற்று. ஈரோட்டின் புத்தகத்தில் வந்தது 7,80,000. வந்ததை மட்டும் எழுதினால் 19,000 இலாபம் 1,000 நட்டமாகிவிடும். அந்த 20,000 ரூபாயை 'வழியில் உள்ள ரொக்கம்' என்று இறுதிச் சொத்தாக வரவில் சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டு அதுவே தொடக்கச் சொத்தாகப் பற்றில் வந்து, பணம் சேர்ந்ததும் நேராகிவிடும். கைபேசியில் நொடியில் பணம் அனுப்பும் காலத்தில் இது குறைந்திருக்கிறது. ஆனால் சரக்கு இன்றும் லாரியில்தான் போகிறது. மார்ச் 31 இரவு சாலையில் இருக்கும் மூட்டைகளை ஈரோட்டில் அனுப்பியதாக எழுதி, திண்டுக்கல்லில் இருப்பாக எண்ணாமல் விட்டால் அந்த மதிப்பு முழுவதும் இலாபத்திலிருந்து போய்விடும்.

இந்த முறையால் முடியாத வேலைகளும் உண்டு. கிளையில் 8,000 ரூபாய்த் துணி திருடு போயிருந்தால் கணக்கில் அதற்கென்று எந்த வரியும் தோன்றாது. இறுதிச் சரக்கிருப்பு அந்த அளவு குறைந்து, இலாபமும் அந்த அளவு குறைந்து நிற்கும். வியாபாரம் மந்தம் என்று நினைத்துக்கொண்டு முதலாளி விட்டுவிடக்கூடும். இதனால்தான் பெரிய நிறுவனங்கள் அடக்க விலைக்குப் பதிலாக விற்பனை விலையைக் குறித்து அனுப்புகின்றன. அப்போது அனுப்பிய சரக்கு, விற்ற சரக்கு, கையில் உள்ள சரக்கு மூன்றும் ஒரே விலையில் இருப்பதால், குறைவது எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும்.

திருட்டை விட ஆபத்தானது வசூலில் நடக்கும் மோசடி. ஒரு வாடிக்கையாளர் கொடுத்த 15,000 ரூபாயை மேலாளர் எடுத்துக்கொள்கிறார். அவர் பாக்கி நோட்டில் அப்படியே நிற்கிறது. அடுத்த மாதம் இன்னொருவர் கொடுத்ததை முதலாமவர் பெயரில் வரவு வைக்கிறார். பிறகு மூன்றாமவரின் பணம் இரண்டாமவர் பெயரில். பாக்கிப் பட்டியலின் மொத்தம் 70,000 என்றே காட்டும். ஆனால் அதில் 15,000 ஏற்கெனவே கொடுக்கப்பட்ட பணம். 19,000 என்று காட்டும் இலாபத்தில் உண்மையாக இருப்பது 4,000தான். திருட்டு இலாபத்தைக் குறைத்தாவது காட்டும். இது இலாபம் இருப்பதாகவே நம்ப வைக்கும். இதைக் கண்டுபிடிக்க, வாடிக்கையாளருக்குக் கொடுத்த ரசீதின் தேதியையும் அந்தத் தொகை வங்கிக்குப் போன தேதியையும் ஒப்பிட வேண்டும். இடையில் எப்போதும் சில வாரங்கள் விழுந்தால் சந்தேகப்பட வேண்டும். மார்ச் முடிவில் 'உங்கள் பாக்கி இவ்வளவு, சரிதானா' என்று ஈரோட்டிலிருந்தே வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக எழுதிக் கேட்க வேண்டும். அந்தக் கடிதம் கிளை மேலாளர் கை வழியாகப் போகக் கூடாது.

இந்தக் காரணத்துக்காகவே, வசூல் பணத்திலிருந்து செலவு செய்ய மேலாளரை அனுமதிப்பதை நான் எதிர்க்கிறேன். கிளையில் வசூலாவது முழுவதும் அப்படியே வங்கிக்குப் போக வேண்டும். லாரி வாடகைக்கும் இறக்குக்கூலிக்கும் வேண்டிய பணத்தை ஈரோட்டிலிருந்து தனியாக அனுப்பலாம். நம் கணக்கில் அப்படிச் செய்திருந்தால் வரவில் 8,25,000, பற்றில் கூடுதலாக 25,000, இலாபம் அதே 19,000. ஆனால் விற்பனைப் புத்தகமும் வங்கிப் பதிவும் நாளுக்கு நாள் ஒத்துப்போகும். இரண்டுக்கும் நடுவே ஒளித்துவைக்க இடம் இருக்காது. எழுத்து வேலை கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். அந்த வேலைக்கு அது தகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளையில் முடங்கியிருக்கும் முதலீட்டுக்கு இந்தக் கணக்கு வட்டி கேட்பதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் சரக்கு, பாக்கி, ரொக்கம் சேர்த்து 1,82,000. முடிவில் 2,13,000. சராசரி 1,97,500. ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 19,750 ஆகிறது. கிளையின் இலாபம் 19,000. ஈரோட்டில் உட்கார்ந்து இந்தக் கிளைக்காகக் கணக்கு எழுதுபவரின் சம்பளமும், சரக்கு கட்டி அனுப்புபவரின் கூலியும் இதில் சேரவில்லை. கணக்கு இலாபம் என்று சொல்லும் இந்தக் கிளை, உண்மையில் தன் முதலுக்கு வட்டிகூடச் சம்பாதிக்கவில்லை. கிளையை மூடுவதா, நடத்துவதா என்று முடிவெடுக்கும் நாளில் இந்தக் கடைசி எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரோடும் திண்டுக்கல்லும் ஒரே மாநிலத்தில், ஒரே ஜிஎஸ்டி பதிவின் கீழ் இருந்தால் கிளைக்குச் சரக்கு அனுப்புவதற்கு வரி இல்லை. கிளை பாலக்காட்டில் இருந்தால் நிலைமை வேறு. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வேறு மாநிலத்தில் உள்ள கிளை தனிப் பதிவு பெற்ற தனி நபராகவே கருதப்படும். பணம் வாங்காமல் அனுப்பும் சரக்குக்கும் விலைப்பட்டியல் போட்டு வரி கட்ட வேண்டும். கிளை தான் விற்கும்போது அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால், அதைச் சரக்கின் அடக்க விலையில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பற்றுப் பக்கம் வீங்கி இலாபம் குறைவாகத் தெரியும்.

கடைசியாக, கிளை வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கணக்கில் மிக எளிதாக மாற்றக்கூடிய எண் இறுதிச் சரக்கிருப்பு. அதில் 10,000 ரூபாயைக் கூட்டிச் சொன்னால் இலாபமும் அப்படியே 10,000 கூடும், வேறு எந்தப் புத்தகமும் அதை மறுக்காது. ஆகவே மார்ச் 31 மாலை, கிளை மேலாளர் கொடுக்கும் பட்டியலை வாங்கி அப்படியே பேரேட்டில் எழுதாதீர்கள். அந்தக் கடையில் வேலை செய்யாத ஒருவரை அனுப்பி, துணியை ஒவ்வொரு கட்டாக எண்ணச் சொல்லுங்கள். சில்லறைப் பெட்டியையும் அன்றைக்கே எண்ணச் சொல்லுங்கள்.